எண்கள் பிடிக்காத முதலாளிக்கு எதைக் காட்டுவது?

மாதம் முடிந்ததும் கணக்காளர் ஒரு தாளோடு வருவார். விற்பனை ₹47,13,268 என்று தொடங்கி முப்பது வரிகள் நீளும். முதலாளி கடைசி வரியை மட்டும் பார்த்துவிட்டு, "அதெல்லாம் இருக்கட்டும் சார், கடை நல்லா போகுதா இல்லையா?" என்பார். அடுத்த மாதம் கணக்காளர் எல்லாவற்றையும் வரைபடமாக்கிக் கொண்டுவருவார். அதிலும் ஓர் ஆபத்து உண்டு.

அண்ணன் தம்பி இருவர் நடத்தும் பேக்கரி ஒன்றை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். ஏப்ரலில் விற்பனை 40 லட்சம், செலவு 36 லட்சம், லாபம் 4 லட்சம். மாதாமாதம் வியாபாரம் கூடி, செப்டம்பரில் விற்பனை 47 லட்சத்தைத் தொட்டது. செலவோ 45.5 லட்சம். லாபம் ஒன்றரை லட்சமாகச் சுருங்கிவிட்டது.

கணக்காளர் வழக்கம்போல விற்பனைக்கு ஒரு கோடு, செலவுக்கு ஒரு கோடு போடுகிறார். பத்து சென்டிமீட்டர் உயரப் படத்தில் சுழியம் முதல் 50 லட்சம் வரை அளவு குறித்தால், ஏப்ரலில் இரு கோடுகளுக்கும் இடையே 8 மில்லிமீட்டர். செப்டம்பரில் 3 மில்லிமீட்டர். ஆனால் பார்ப்பவர் கண்ணில் படுவது, மேலே ஏறும் இரண்டு கோடுகள். அண்ணனும் தம்பியும் திருப்தியாக எழுந்து போவார்கள்.

இந்தக் கோளாறு வரைபடத்தோடு கூடவே பிறந்தது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் பிளேஃபேர் 1786இல் வெளியிட்ட நூலில் இங்கிலாந்தின் ஏற்றுமதி, இறக்குமதியை இரண்டு கோடுகளாக வரைந்தார். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் வணிக உபரி அல்லது பற்றாக்குறை. இருநூறு ஆண்டுகள் கழித்து, அமெரிக்கப் புள்ளியியலாளர் வில்லியம் கிளீவ்லேண்ட் அவருடைய கிழக்கிந்திய வணிகப் படத்தை எடுத்து, அந்த இடைவெளியை மட்டும் தனியாக வரைந்து காட்டினார். 1760ஐ ஒட்டி அது சட்டென்று ஏறி இறங்கியிருந்தது. மூலப்படத்தில் அது கண்ணுக்குத் தப்பிவிடும். இரண்டு கோடுகளும் சேர்ந்து ஏறும்போது, நேர் செங்குத்தாக அளக்க வேண்டிய தூரத்தை நம் கண் குறுக்காக அளந்துவிடுகிறது.

ஆகவே லாபத்தைத் தனிக் கோடாகப் போட வேண்டும். சுழியம் முதல் 5 லட்சம் வரை அளவு வைத்தால், அதே பத்து சென்டிமீட்டரில் கோடு எட்டிலிருந்து மூன்றுக்குச் சரியும். ஒரு சொல்லும் தேவையில்லை. "ஏன் இப்படி இறங்குது?" என்று தம்பியே கேட்பார்.

அந்த 'ஏன்' வந்தவுடன் வரைபடத்தின் வேலை முடிந்தது. செலவுகளை வட்டப்படமாகப் போட்டால் பதில் கிடைக்காது: மூலப்பொருள் 50 பங்கிலிருந்து 54 ஆனதை இரண்டு வட்டத் துண்டுகளின் கோணத்தை வைத்துக் கண் கண்டுபிடிக்காது. கோணத்தைவிட, ஒரே அளவுகோலில் உள்ள இடத்தைத்தான் மனிதர் துல்லியமாக ஒப்பிடுகிறார்கள் என்பதை கிளீவ்லேண்டும் ராபர்ட் மெக்கில்லும் 1984இல் சோதனை செய்து காட்டினார்கள். இங்கே சின்ன அட்டவணையே போதும். நூறு ரூபாய் விற்பனையில் எது எவ்வளவு தின்றது என்று எழுதினால் முடிந்தது:

| நூறு ரூபாய்க்கு | ஏப்ரல் | செப்டம்பர் |
|---|---|---|
| மூலப்பொருள் | 50 | 54 |
| சம்பளம் | 20 | 20 |
| வாடகை, மின்சாரம் | 12 | 15 |
| மற்றவை | 8 | 8 |
| லாபம் | 10 | 3 |

ஆள் சம்பளம் ஏறியதால்தான் லாபம் குறைந்தது என்று அண்ணன் நினைத்திருக்கலாம். சம்பளம் விற்பனைக்குத் தக்கபடிதான் ஏறியிருக்கிறது. மாவு, வெண்ணெய் வாங்கும் இடத்திலும், வாடகை மின்கட்டணத்திலும் சேர்ந்து ஏழு ரூபாய் போயிருக்கிறது.

இந்த அட்டவணையை எண் பிடிக்காதவரும் படிப்பதற்குக் காரணம் உண்டு. பைசா வரை எழுதாமல் இரண்டு இலக்கத்தோடு நிறுத்தியிருக்கிறோம். ஒப்பிட வேண்டியவை பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. பிரிட்டிஷ் புள்ளியியலாளர் ஆண்ட்ரூ எரன்பர்க் 1977இலேயே வலியுறுத்தியது இதைத்தான். முழுத் தொகை தணிக்கையாளருக்கு வேண்டும். அது பின்னிணைப்பில் இருக்கட்டும்.

பாக்கிப் பட்டியலை மட்டும் எந்நாளும் படமாக்கக் கூடாது. எந்த டீக்கடை எத்தனை நாளாக எவ்வளவு தர வேண்டும் என்பது பெயரும் தொகையுமாக, பழைய பாக்கி மேலே வரும்படி இருந்தால்தான் தம்பி உடனே போனை எடுக்க முடியும்.

பண்டிகை மாதங்களில் கோட்டை நம்பி ஏமாறவும் வாய்ப்புண்டு. தீபாவளி முடிந்த அடுத்த மாதம் பேக்கரியின் கோடு எப்படியும் சரியும். அதே படத்தில் சென்ற ஆண்டின் கோட்டையும் மெல்லிய சாம்பல் நிறத்தில் போட்டுவிட்டால், வழக்கமான சரிவா, புதிய சரிவா என்பதை இருவரும் தாங்களே பிரித்துப் பார்ப்பார்கள். தீபாவளி ஓராண்டு அக்டோபரிலும் மறு ஆண்டு நவம்பரிலும் வந்தால், இரு மாதங்களையும் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும்.