தீர்வாணையில் முதலில் பார்க்க வேண்டிய எண்

நிலம் எடுக்கப்பட்டவரின் கைக்கு வரும் தீர்வாணை பல பக்கம் நீளும். பெரும்பாலோர் கடைசிப் பக்கத்து மொத்தத் தொகையைத்தான் தேடுகிறார்கள். ஆனால் அந்தத் தொகையை முடிவு செய்வது உள்ளே இருக்கும் ஒரே எண்: சென்டுக்கு என்ன விலை என்பது.

2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டப்படி அந்த விலைக்கு முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பத்திரப் பதிவுக்கான வழிகாட்டி மதிப்பு. மற்றொன்று, முதல்நிலை அறிவிக்கைக்கு முந்தைய 3 ஆண்டுகளில் அக்கம்பக்கத்தில் இதே வகை நிலங்கள் கிரையமான விலை. அந்தப் பத்திரங்களில் கூடுதல் விலை காட்டும் பாதியை மட்டும் எடுத்துச் சராசரி காண வேண்டும். இரண்டில் எது அதிகமோ அதுவே அடிப்படை.

ஒரு மாதிரிக் கணக்கு. கிராமத்தில் 50 சென்ட் புஞ்சை. வழிகாட்டி மதிப்பு சென்டுக்கு 8,000 ரூபாய். கிடைத்த ஆறு பத்திரங்களில் உயர்ந்த மூன்றும் 14,000, 12,000, 10,000, சராசரி 12,000. அப்படியானால் நிலத்தின் சந்தை மதிப்பு 6 லட்சம். ஊர்ப்புற நிலத்துக்கு இதை 1 முதல் 2 வரையிலான ஒரு காரணியால் பெருக்குவார்கள். காரணி 1.25 என்றால் 7.5 லட்சம். கிணறு, தென்னை மரங்களுக்கு 1.5 லட்சம் சேர்ந்து 9 லட்சம். இதற்குச் சமமாக இன்னொரு 9 லட்சம் ஆறுதல் தொகை. சமூகத் தாக்க மதிப்பீட்டு அறிவிப்பு வந்த நாளிலிருந்து தீர்வாணை நாள் அல்லது நிலம் கைமாறிய நாள், இவற்றில் முந்தியது வரை, சந்தை மதிப்பின் மேல் ஆண்டுக்கு 12 சதவீதம் தனி. ஒன்றரை ஆண்டு என்றால் 1,08,000. ஆக 19,08,000 ரூபாய்.

அதே நிலத்துக்கு வழிகாட்டி மதிப்பையே வைத்திருந்தால் மொத்தம் 13,72,000தான். ஐந்து லட்சத்துக்கு மேல் போய்விடும்! அதனால் எந்தப் பத்திரங்களை எடுத்தார்கள், எதை என்ன காரணம் சொல்லித் தள்ளினார்கள் என்று பார்ப்பது அவசியம். சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் வாங்கி ஒப்பிடலாம். கிணறும் மரங்களும் விடுபடுவதும் உண்டு.

தொகை போதாது என்றால் பணத்தை மறுக்க வேண்டியதில்லை. ‘ஆட்சேபணையுடன் பெறுகிறேன்’ என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். எழுதாமல் வாங்கினால் கூடுதல் கேட்கும் உரிமை போய்விடும். பிறகு, வழக்கை உரிய தீர்ப்பாயத்துக்கு அனுப்பும்படி ஆட்சியரிடம் எழுத்துமூலம் மனு தர வேண்டும். தீர்வாணையின்போது நேரில் இருந்தவருக்கு அன்றிலிருந்து ஆறு வாரமே கெடு. மற்றவருக்கு நோட்டீஸ் கிடைத்து ஆறு வாரம் அல்லது தீர்வாணையிலிருந்து ஆறு மாதம், எது முந்துகிறதோ அது. தீர்ப்பாயத்தின் முடிவிலும் குறை இருந்தால் 60 நாளுக்குள் உயர் நீதிமன்றம் போகலாம்.

தேசிய நெடுஞ்சாலைக்கு எடுத்த நிலம் என்றால் வழி வேறு: அங்கே நடுவரிடம்தான் முறையிட வேண்டும். எனவே எந்தச் சட்டத்தின் கீழ் எடுத்தார்கள் என்பதைத் தீர்வாணையின் தொடக்கத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.