எண்ணைத் தட்டினால் தேதி வருவது ஏன்?

எக்செல்லில் ஒரு காலிக் கட்டத்தில் 1-2 என்று தட்டி என்டர் அழுத்திப் பாருங்கள். அது 01-Feb என்று மாறி நிற்கும். 3/4 என்று தட்டினால் 03-Apr ஆகும். நீங்கள் தட்டியது கதவு எண்ணாக இருக்கலாம், முக்கால் அங்குலக் குழாயாக இருக்கலாம், இரண்டுக்கு ஒன்று என்று முடிந்த கால்பந்து ஆட்டத்தின் ஸ்கோராகவும் இருக்கலாம். எக்செல்லுக்கு அதெல்லாம் கணக்கில்லை. நடுவில் ஒரு சிறு கோடோ சாய்கோடோ இருந்து, இருபுறமும் உள்ள எண்கள் நாளாகவும் மாதமாகவும் பொருந்தினால், அதைத் தேதி என்றே எடுத்துக்கொள்ளும். மாற்றட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்காது.

அலுவலகக் கணக்கு எழுதுபவர்கள் நாளெல்லாம் தேதி தட்டுகிறார்கள். ஆண்டு உட்பட முழுசாக அடிக்காமல் 5/2 என்று மட்டும் அடித்தால் போதும் என்பது அவர்களுக்கு வசதி. அந்த வசதிதான் மற்றவர்களுக்கு வினையாகிறது.

மாறியது தோற்றம் மட்டும்தானே, வடிவத்தைத் திருத்தினால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. 2025-ஆம் ஆண்டில் 5/2 என்று தட்டியதாக வைத்துக்கொள்வோம். 05-Feb என்று நிற்கும் அந்தக் கட்டத்தின் வடிவத்தை Text என்று மாற்றினால், 5/2 திரும்பி வராது. 45693 என்ற எண் வந்து நிற்கும். எக்செல் எந்தத் தேதியையும் நாள் எண்ணிக்கையாகத்தான் வைத்திருக்கிறது. 1900 ஜனவரி 1-ஐ ஒன்று என்று வைத்து எண்ணிக்கொண்டே வந்தால், அதன் கணக்கில் 2025 பிப்ரவரி 5-க்கு வரும் எண் அது. ஆக, என்டர் அழுத்திய நொடியிலேயே 5/2 என்ற எழுத்துகள் போய்விட்டன. கட்டத்தில் இருப்பது 45693 மட்டும். 05-Feb என்பது அதற்குப் போட்ட சட்டை.

இதனால் என்ன கெடும் என்பதை ஒரு நிலப் பட்டியலை வைத்துப் பார்க்கலாம். நம் ஊர் நிலங்களுக்குச் சர்வே எண் உண்டு. அதன் உட்பிரிவைச் சாய்கோடு போட்டு எழுதுகிறோம். ஒரு கிராமத்துப் பட்டியலில் 5/1, 5/2, 5/2A, 112/3 என்று நான்கு எண்களை ஒருவர் தட்டுகிறார். முதல் இரண்டும் 01-Feb-ஐப் போலவே தேதியாகி 05-Jan, 05-Feb என்று நிற்கும். 5/2A-வில் எழுத்து ஒட்டியிருப்பதால் அது தப்பிக்கும். 112 என்ற நாளும் இல்லை, மாதமும் இல்லை என்பதால் 112/3-ம் அப்படியே இருக்கும். ஆயிரம் வரிகள் உள்ள பட்டியலில் சில மட்டும் மாறிப் பல சரியாக இருந்தால், கண்ணில் படுவது கடினம்.

கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நீங்களாக இடவல ஒழுங்கை மாற்றாதவரை, எழுத்தாக உள்ளவை கட்டத்தின் இடது ஓரம் ஒட்டியும் தேதிகள் வலது ஓரம் ஒட்டியும் நிற்கும். ஒரே நெடுவரிசையில் சில இடமாகவும் சில வலமாகவும் நின்றால் சந்தேகப்படுங்கள். வலப்பக்கம் நிற்கும் கட்டத்தைச் சொடுக்கி, மேலே உள்ள ஃபார்முலா பட்டையைப் பாருங்கள். அங்கே 05-02-2025 என்று ஆண்டோடு முழுத் தேதியும் தெரியும்.

அந்த ஆண்டு எங்கிருந்து வந்தது? நீங்கள் தட்டவில்லை, நடப்பு ஆண்டை எக்செல்லே சேர்த்துக்கொண்டது. இதில்தான் பெரிய சிக்கல். அதே 5/2-ஐ 2026-இல் இன்னொருவர் இன்னொரு ஷீட்டில் தட்டினால் உள்ளே 46058 என்று பதியும். திரையில் இரண்டும் 05-Feb தான். ஆனால் இரு பட்டியல்களையும் VLOOKUP போட்டு ஒப்பிட்டால், அந்த எண் கிடைக்கவில்லை என்று பதில் வரும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது கணினிக்கு 365 வித்தியாசமுள்ள இரண்டு எண்கள்.

இதைவிட ஆபத்தானது கணினியின் வட்டார அமைப்பு. இந்திய அமைப்பில் நாள் முன்னால், மாதம் பின்னால். அமெரிக்க அமைப்பில் மாதம்தான் முதலில். புதிதாக வாங்கிய மடிக்கணினியில் அமெரிக்க அமைப்பே இருந்து, யாரும் அதை மாற்றவில்லை என்றால், 5/2 என்று தட்டியது மே 2 ஆகி 2-May என்று நிற்கும். அந்தக் கோப்பைப் பின்னால் திறந்து பார்ப்பவர், இது தேதியாகிவிட்ட சர்வே எண் என்று சரியாகவே ஊகித்து, நம் வழக்கப்படி 2/5 என்று திருத்திவிடுவார். ஐந்தாம் சர்வே எண்ணின் இரண்டாம் உட்பிரிவு, இரண்டாம் சர்வே எண்ணின் ஐந்தாம் உட்பிரிவாகிவிடும். அது வேறொருவருடைய நிலம்.

ஏற்கெனவே கெட்டுப்போன பட்டியலை மீட்க முடியுமா? எந்த அமைப்பில் தட்டப்பட்டது என்று தெரிந்தால் முடியும். எண்கள் A நெடுவரிசையில் இருந்தால், பக்கத்துக் காலி நெடுவரிசையில் இதைப் போடலாம்:

```
=IF(ISNUMBER(A2),DAY(A2)&"/"&MONTH(A2),A2)
```

தேதியாகிப்போனதை மட்டும் பிரித்து 5/2 என்று எழுத்தாகத் தரும். 5/2A போன்றவற்றைத் தொடாமல் விடும். அமெரிக்க அமைப்பில் தட்டியிருந்தால் DAY, MONTH இரண்டையும் இடம் மாற்றிக்கொள்ள வேண்டும். ஆனால் முதலில் இருந்தது 5/2-ஆ, 5-2-ஆ, 05/02-ஆ என்பதை எந்தச் சூத்திரமும் சொல்லாது. அதற்குக் கையெழுத்துப் படியோ பழைய ஆவணமோதான் சாட்சி.

இந்தத் தொல்லை விஞ்ஞானிகளையும் விட்டுவைக்கவில்லை. மனித மரபணுக்களுக்குச் சுருக்கப் பெயர்கள் உண்டு. அவற்றில் SEPT2, MARCH1 போன்றவை எக்செல்லில் 2-Sep, 1-Mar என்று மாறின. இதைப் பற்றி ஆய்வாளர்கள் 2004-லேயே ஆய்விதழில் எழுதி எச்சரித்தார்கள். இருந்தும் தவறு தொடர்ந்தது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2016-இல் ஜீனோம் பயாலஜி இதழில் வெளியிட்ட கணக்குப்படி, மரபணுப் பட்டியலை எக்செல் கோப்பாக இணைத்திருந்த கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருந்தது. பட்டியல் ஆயிரக்கணக்கான வரிகள் ஓடும் என்பதால், எழுதியவரும் பார்க்கவில்லை, சரிபார்த்தவரும் பார்க்கவில்லை.

கடைசியில் மென்பொருள் மாறுவதற்கு முன் மரபணுக்கள் பெயரை மாற்றிக்கொண்டன. மனித மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் குழு, 2020-இல் தன் புதிய வழிகாட்டு நெறிகளை வெளியிட்டபோது இந்தச் சிக்கலையும் கணக்கில் எடுத்தது. SEPT1 இப்போது SEPTIN1. MARCH1 இப்போது MARCHF1.

மைக்ரோசாஃப்ட் 2023-இல்தான் ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்தது. புதிய எக்செல்லில் File, Options, Data என்று போனால் Automatic Data Conversion என்ற பகுதி இருக்கும். எண்ணின் முன்னால் உள்ள பூஜ்யங்களை நீக்குவது போன்ற தானியங்கி மாற்றங்களை அங்கே நிறுத்தலாம். எழுத்தும் எண்ணும் ஒட்டி வருபவற்றைத் தேதியாக்காதே என்று சொல்லவும் அங்கே இடமுண்டு. JAN1 என்று தட்டினால் JAN1 ஆகவே இருக்கும். ஆனால் நடுவில் கோடு வந்தால் இது பொருந்தாது. 1-2 என்று தட்டினால் இன்றும் 01-Feb தான். அந்தக் குறியை எடுத்துவிட்டோமே என்று நம்பி இருந்துவிடக் கூடாது.

ஆகவே காப்பு நம் கையில்தான் இருக்கிறது. அதுவும் தட்டுவதற்கு முன்பே செய்தாக வேண்டும். ஓரிரு கட்டங்கள்தான் என்றால், எண்ணுக்கு முன் ஒற்றை மேற்கோள் குறி போட்டு '5/2 என்று தட்டினால் போதும். அந்தக் குறி கட்டத்தில் தெரியாது, அச்சிலும் வராது. நெடுவரிசை முழுக்க இப்படித்தான் என்றால், காலியாக இருக்கும்போதே அதைத் தேர்ந்தெடுத்து, Ctrl+1 அழுத்தி, Number பகுதியில் Text என்று வையுங்கள். அதற்குப் பிறகு தட்டுவதெல்லாம் தட்டியபடியே நிற்கும். கூகுள் ஷீட்ஸில் இதே வேலையை Format, Number, Plain text செய்கிறது.

இவ்வளவும் செய்து சேமித்த பட்டியலும் ஓரிடத்தில் கெடும். அது CSV கோப்பு. CSV-யில் வெறும் எழுத்துகள்தான் இருக்கும். இந்த நெடுவரிசை Text என்ற குறிப்பு அதில் சேராது. அதை இரட்டைச் சொடுக்கில் எக்செல்லில் திறந்தால், ஒவ்வொரு 5/2-ம் மீண்டும் தேதியாகும். பார்த்துவிட்டு சேமிக்காமல் மூடினால் நட்டமில்லை. சேமித்துவிட்டால் கோப்பிலேயே 05-Feb என்று எழுதிவிடும். அதனால் CSV-யை நேராகத் திறக்காமல், Data பட்டியலில் From Text/CSV வழியாகக் கொண்டுவாருங்கள். முன்னோட்டச் சாளரத்தில் Data Type Detection என்று இருக்கும் இடத்தில் Do not detect data types என்பதைத் தேர்ந்தால், எதுவும் மாறாமல் உள்ளே வரும்.

பின்னத்துக்கு வழி வேறு. அரை, முக்கால் என்பவை கூட்டவும் பெருக்கவும் வேண்டியவை. அவற்றை எழுத்தாக வைத்தால் நம்பிக் கூட்ட முடியாது. ஒன்றரை என்பதற்கு 1, ஓர் இடைவெளி, 1/2 என்று தட்டினால் எக்செல் அதைச் சரியாகப் பின்னமாகவே எடுத்துக்கொள்ளும். முழு எண் இல்லாத அரைதான் தேதியாகிறது. எனவே முன்னால் ஒரு பூஜ்யம் சேர்த்து 0 1/2 என்று தட்டுங்கள். கட்டத்தில் 1/2 என்று தெரியும், உள்ளே 0.5 இருக்கும். இந்த முறை குறியீடுகளுக்கு உதவாது. 2/4 என்று தட்டினால் சுருக்கி 1/2 என்று காட்டிவிடும். சர்வே எண்ணில் அது வேறு நிலம்.

ஒரு பட்டியலைத் தொடங்கும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த எண்ணை எப்போதாவது கூட்டப் போகிறோமா? இல்லை என்றால் அது எண்ணல்ல, பெயர். கதவு எண், சர்வே எண், பதிவு எண் எதுவானாலும் முதல் வரியைத் தட்டுவதற்கு முன் அந்த நெடுவரிசையை Text ஆக்கிவிடுங்கள்.