முள் நடுவில்தான் நிற்கிறது, ஆயில் எங்கே நிற்கிறது?

கோவை செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே. ஏப்ரல் வெயில். சொந்தக் காரை ஒருநாள் ரேஸ் தடத்தில் விரட்டிப் பார்க்கலாம் என்று ட்ராக் டேக்குப் பணம் கட்டி வந்த நண்பர், ஆறாவது லேப் முடித்துப் பிட்டுக்குள் நுழைந்தார். 1 லிட்டர் டர்போ பெட்ரோல் ஹேட்ச்பேக். தினமும் அலுவலகம் போய்வருகிற அதே கார். டாஷ்போர்டில் வெப்பமுள் சரியாக நடுவில் நின்றது. “பாருங்க, கொஞ்சங்கூடச் சூடாகல” என்றார் சந்தோஷமாக.

கூட வந்திருந்த மெக்கானிக் எதுவும் சொல்லாமல் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் செருகி, போன் திரையை அவர் பக்கம் திருப்பினார். கூலன்ட் 96 டிகிரி. அடுத்த வரியில் ஆயில் 131. “முள்ளு காட்டுறது தண்ணியோட சூடுங்க. ஆயிலை யாருமே கேக்கறதில்லீங்க.”

அந்த 35 டிகிரி வித்தியாசத்தில்தான் ஆயில் தேர்வு என்ற கதையே இருக்கிறது.

கூலன்ட்டின் வெப்பத்தைக் கட்டுக்குள் வைக்க தெர்மோஸ்டாட், ரேடியேட்டர், மின்விசிறி என்று ஒரு படையே இருக்கிறது. சாதாரணக் கார்களில் ஆயிலுக்குக் கூலன்ட்டோடு சூட்டைப் பகிர்ந்துகொள்ளும் ஒரு சின்னப் பரிமாற்றி இருந்தால் உண்டு. பலவற்றில் அதுவும் கிடையாது. பிஸ்டனின் அடிப்பகுதி, பேரிங், டர்போவின் தண்டு ஆகியவற்றின் சூட்டை வாங்கிக்கொண்டு, கீழே சம்ப்பில் விழுந்து, வருகிற காற்றில் ஆறிக்கொள்ள வேண்டியதுதான். நெடுஞ்சாலையில் இது போதும். ஆயில் 90 முதல் 105 டிகிரிக்குள் இருக்கும். ட்ராக்கில் லேப்புக்குப் பாதி நேரம் ஆக்ஸிலரேட்டர் தரையோடு ஒட்டிக் கிடக்கும்போது, ஐந்தாறு லேப்பில் 120, 130 என்று ஏறிவிடும்.

மலையேற்றத்தில் கதை வேறு. காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். இரண்டாம் கியரில் இன்ஜின் இரைந்துகொண்டே இருக்கும். ஆனால் வண்டி போவதோ 30, 40 கிலோமீட்டர் வேகத்தில். உழைப்பு அதிகம், காற்று குறைவு. அதனால் மலையில் ஆயிலுக்குச் சோதனை ஏறும்போதுதான். இறங்கும்போது சூடாவது பிரேக். அது தனிப் பாடம்.

சூடானால் ஆயிலுக்கு என்ன ஆகிறது? கிராங்க் தண்டு பேரிங்கில் நேரடியாக உட்கார்ந்திருப்பதில்லை. தலைமுடியைவிட மிக மெல்லிய ஓர் ஆயில் படலத்தின் மேல் மிதக்கிறது. அந்தப் படலம் தாங்குவது ஆயிலின் பிசுக்கால். தோசைக்கல்லில் ஊற்றிய எண்ணெய் சூடேறியதும் எப்படி இளகி ஓடுகிறதோ, அப்படித்தான் இதுவும். ஒரு எல்லைக்குமேல் இளகினால் படலம் கிழிந்து உலோகமும் உலோகமும் உரசும்.

டின்னில் 5டபிள்யூ-30 என்று போட்டிருக்கிறதே, அதில் முதல் எண் குளிரில் ஸ்டார்ட் ஆவதைப் பற்றியது. நம் ஊருக்கு அது பெரிய கவலையில்லை. இரண்டாவது எண்தான் சூட்டில் இருக்கும் பிசுக்கைச் சொல்கிறது. ஆனால் அந்தப் பிசுக்கை அளந்தது 100 டிகிரியில். நம் நண்பரின் ஆயில் இருந்தது 131-இல்.

கணக்கைப் பார்ப்போம். வழக்கமான ஒரு 5டபிள்யூ-30 ஆயிலுக்கு 100 டிகிரியில் பிசுக்கு ஏறத்தாழ 10.5 சென்டிஸ்டோக். 130 டிகிரிக்குப் போனால் அது 6 ஆகிவிடும். அதே இடத்தில் 5டபிள்யூ-40 இருந்தால் சுமார் 7.7 கிடைக்கும். இன்னொரு விதமாகச் சொன்னால், 30 ஆயில் 130 டிகிரியில் எவ்வளவு இளகுகிறதோ, அவ்வளவு இளக 40 ஆயில் 145 டிகிரிவரை போக வேண்டும். ஒரு கிரேடு ஏற்றினால் நாம் வாங்குவது சுமார் 15 டிகிரி இடைவெளி. அதற்குக் குறைவாக நினைக்க வேண்டாம். அதிகமாகவும் நம்ப வேண்டாம்.

“அப்படின்னா 50 ஊத்திட்டா?” என்று நண்பர் கேட்டார். கணக்குப்படி, 130 டிகிரியில் ஒரு 5டபிள்யூ-50 கிட்டத்தட்ட 10 சென்டிஸ்டோக்கில் நிற்கும். தயாரிப்பாளர் 100 டிகிரியில் எதிர்பார்த்த பிசுக்கு அது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கார் திங்கட்கிழமை அவிநாசி சாலை நெரிசலுக்குத் திரும்ப வேண்டும். அங்கே 90 டிகிரியில் அதே 50 ஆயில், 30-ஐப் போல ஒன்றே முக்கால் மடங்கு கட்டியாக இருக்கும். மைலேஜ் குறையும். வால்வு நேரத்தை ஆயில் அழுத்தத்தால் மாற்றும் அமைப்பு மந்தமாகலாம். தவிர, கட்டியான ஆயிலைப் பிழிந்து தள்ளும் வேலையே கூடுதல் சூட்டை உண்டாக்குகிறது; நினைத்த லாபத்தில் ஒரு பகுதி அங்கேயே போய்விடும். கார் மேனுவலில் 50 இல்லையென்றால், தினமும் ஓட்டும் வண்டிக்கு 40-உடன் நிறுத்திக்கொள்வது நல்லது.

ஆயில் வாங்கும்போது கிரேடைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டிய எண் ஒன்று உண்டு. அது பெரும்பாலும் டின்னில் இருக்காது. கம்பெனியின் தளத்தில் அந்த ஆயிலுக்கான விவரத்தாளில் இருக்கும். பெயர் எச்.டி.எச்.எஸ். 150 டிகிரி சூட்டில், பேரிங்குக்குள் நடப்பதுபோல் ஆயிலை வேகமாக நசுக்கி, அப்போது எவ்வளவு பிசுக்கு மிஞ்சுகிறது என்று அளக்கும் சோதனை. ஏன் 150? சம்ப்பில் 130 காட்டும்போது பேரிங்குக்குள் இருக்கும் ஆயில் அதைவிடச் சூடாக இருக்கும்.

பல கிரேடு ஆயில்களில் பிசுக்கைத் தூக்கிக் காட்ட பாலிமர் சேர்க்கிறார்கள். நீளமான நூல் உருண்டைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சோதனைக் குழாயில் மெதுவாக வழியும்போது அவை உருண்டையாக இருந்து ஆயிலைக் கட்டியாகக் காட்டும். பேரிங்கில் நசுங்கும்போது நீண்டு படுத்துவிடும், பிசுக்கு இறங்கிவிடும். நாள்பட்டால் நூல்கள் அறுந்தும் போகும். அதனால்தான் டின்னில் ஒரே எண் போட்ட இரண்டு ஆயில்கள் ட்ராக்கில் ஒன்றுபோல் நடப்பதில்லை. 30 என்ற பெயருக்கு எச்.டி.எச்.எஸ். குறைந்தது 2.9 இருந்தால் போதும். 3.5-ஐத் தொடும் 30 ஆயில்களும் கடையில் கிடைக்கின்றன. 5டபிள்யூ-40 என்றால் 3.5 கட்டாயம். சூடாக ஓட்டப்போகிற காருக்கு நான் தேடுவது இந்த 3.5. விவரத்தாள் கிடைக்கவில்லையா? டின்னின் பின்பக்கம் ஏ.சி.இ.ஏ. என்ற ஐரோப்பியத் தரத்தின் கீழ் ஏ3/பி4 அல்லது சி3 என்று இருந்தால், அந்த 3.5 உறுதி. புகைக்குழாயில் துகள் வடிகட்டி உள்ள கார் என்றால் சி3-தான் சரி. அதில் சாம்பல் குறைவு. டர்போ பெட்ரோலுக்கு ஏ.பி.ஐ. எஸ்.பி. முத்திரையும் இருந்தால், குறைந்த வேகத்தில் இன்ஜினைத் தாக்கும் முன்வெடிப்பு பற்றிய பயமும் குறையும்.

நண்பரின் காரில் இன்னொரு திருடனும் இருந்தான். டர்போ பெட்ரோல் இன்ஜின்களில், அதிலும் நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோல் தெளிக்கும் வகையில், சிறுசிறு நகரப் பயணங்களில் எரியாத பெட்ரோல் கொஞ்சம் வழிந்து ஆயிலோடு கலக்கும். சில சதவீதம் கலந்தாலே போதும், 40 ஆயில் 30 போல நடக்க ஆரம்பிக்கும். டிப்ஸ்டிக்கில் அளவு குறையாமல், உயர்ந்துகொண்டே வந்தால் சந்தேகப்படுங்கள். முகர்ந்தால் பெட்ரோல் வாடை தெரியும். அவர் காரில் இருந்தது 7,000 கிலோமீட்டர் ஓடிய ஆயில். “சர்வீஸுக்கு இன்னும் நாள் இருக்கே” என்றார். ட்ராக்குக்கு அந்தக் கணக்கு உதவாது. எவ்வளவு நல்ல ஆயிலானாலும் புதிதாக மாற்றிவிட்டுப் போவதுதான் முறை.

மாற்றியபின் அளவை மேல்கோடுவரை வையுங்கள். நீண்ட வளைவில் ஆயில் சம்ப்பின் ஒரு பக்கம் ஒதுங்கும். அந்த நொடி உறிஞ்சு குழாய் காற்றை இழுத்தால், டின்னில் எந்த எண் இருந்தும் பயனில்லை. வளைவில் மட்டும் சிவப்பு ஆயில் விளக்கு மின்னுகிறதென்றால் காரணம் இதுதான். உடனே வேகத்தைக் குறைத்து வெளியே வந்துவிட வேண்டும். மேல்கோட்டைத் தாண்டி ஊற்றினாலும் ஆபத்து: கிராங்க் அடித்து ஆயில் நுரைக்கும், நுரை எதையும் தாங்காது.

நண்பர் ஒரு மாதம் கழித்து மறுபடி வந்தார். மேனுவலைப் புரட்டியதில் 5டபிள்யூ-40, சி3 இரண்டுமே அனுமதிக்கப்பட்டிருந்தன. 4 லிட்டர் ஃபுல்லி சிந்தெடிக், புது ஃபில்டர். போன் ஸ்கேனரை டாஷ்போர்டில் ஒட்டியிருந்தார். சில கார்களில் திரையில் வரும் ஆயில் வெப்பம் அளந்தது அல்ல, கம்ப்யூட்டர் ஊகித்தது. இவருடைய காரில் உண்மையான சென்சார் இருப்பதை மெக்கானிக் முதலிலேயே உறுதி செய்திருந்தார். 80 டிகிரி வரும்வரை மெதுவாக ஒரு லேப். பிறகு நாலு லேப் விரட்டல். 125 தொட்டதும் உயர்ந்த கியரில் இதமாக ஒரு லேப். 110-க்கு இறங்கியதும் பிட்டுக்குள் வந்து, இன்ஜினை உடனே அணைக்காமல் ஓரிரு நிமிடம் ஓடவிட்டார். டர்போ தண்டில் நிற்கும் ஆயில் கருகாமல் இருக்க அந்த இடைவெளி வேண்டும்.

இப்படி ஓட்டியும் எண் 140-ஐத் தொட்டுக்கொண்டே இருந்தால், அதற்கு மருந்து ஆயில் டின்னில் இல்லை. தெர்மோஸ்டாட் உள்ள ஆயில் கூலர் பொருத்த வேண்டும், அல்லது லேப்பைக் குறைக்க வேண்டும். சூடு 10 டிகிரி கூடினால் ஆயில் கெடும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது வேதியியலின் கைக்கணக்கு. அதன்படி 130-இல் ஒரு மணி நேரம், 100-இல் எட்டு மணி நேரத்துக்குச் சமம்.

மாலையில் இன்ஜின் ஆறியபின் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தோம். காலையில் மேல்கோட்டில் இருந்த ஆயில் கால் பங்கு இறங்கியிருந்தது. நண்பர் முகம் வாடியது. மெக்கானிக் துணியால் துடைத்தபடியே சொன்னார்: “பயப்படாதீங்க, சூட்டுல கொஞ்சம் குடிக்குங்க. டிக்கில அரை லிட்டர் அதே ஆயில் இருக்குதுங்களா? அதைத்தான் ஊத்தணும்.”

இருந்தது. மேல்கோடுவரை ஊற்றிக்கொண்டு, நெரிசல் தொடங்கும் முன் ஊருக்குக் கிளம்பினார்.