பக்கத்து வீட்டு சேனலில் கால் நீட்டும் ரூட்டர்

குறைந்த விலை வைஃபை ரூட்டர்களின் பெட்டியில் ‘300 Mbps’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அந்த முன்னூறு எங்கிருந்து வருகிறது என்பதைப் பெட்டி சொல்வதில்லை. 2009-இல் வந்த 802.11n தரத்தில், இரண்டு ஆன்டெனா கொண்ட ரூட்டர் 2.4 கிகாஹெர்ட்ஸில் 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் இயங்கினால் அதன் உச்ச இணைப்பு வேகம் 144 எம்பிபிஎஸ்தான். அகலத்தை 40 ஆக்கினால்தான் 300 வரும். பெட்டியில் போட்ட எண்ணைக் காட்ட வேண்டுமானால் 40 இயங்கியாக வேண்டும். பல ரூட்டர்களில் அது இயங்கும்படியே அமைத்தும் விடுகிறார்கள்.

தோப்பு நடுவே தனித்து நிற்கும் வீட்டில் இதனால் கெடுதல் இல்லை. சென்னையிலோ கோவையிலோ மாடிக்கு நான்கு வீடு இருக்கும் குடியிருப்பில், மாலையானால் படுக்கையறையில் வீடியோ சுற்றிக்கொண்டே நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். குடியிருப்பவர்கள் இணைய நிறுவனத்துக்குப் புகார் செய்வார்கள். வந்து பார்க்கும் ஊழியர் ரூட்டரின் அருகில் நின்று வேகத்தை அளந்து, எல்லாம் சரியாக இருப்பதாகச் சொல்லிப் போவார். ஃபைபரில் உண்மையிலேயே குறை இருக்காது. சிக்கல் சுவர்களுக்கு இடையே இருக்கும் காற்றில்.

2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு இந்தியாவில் உரிமமின்றிக் கிடைக்கும் மொத்த இடம் 83.5 மெகாஹெர்ட்ஸ். அதில் 13 சேனல்கள் என்பது கேட்க நிறையத் தெரியும். ஆனால் அவற்றின் மையங்களுக்கு இடையே வெறும் 5 மெகாஹெர்ட்ஸ்தான். ஒவ்வொன்றும் 20 அகலம் பரவுவதால், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் நிற்கக்கூடியவை மூன்று: 1, 6, 11. இருபது வீடுகள் இந்த மூன்றைப் பங்கிட்டுக்கொண்டுதான் காலம் தள்ள வேண்டும். அது நெரிசல்தான் என்றாலும் ஓரளவு ஒழுங்கான நெரிசல். ஒரே சேனலில் இருக்கும் ரூட்டர்கள் ஒன்றன் பேச்சை மற்றொன்று கேட்டு, அது முடிந்த பிறகு பேசும்.

நாற்பது அந்த ஒழுங்கை எப்படிக் குலைக்கிறது என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். மூன்றாம் மாடியில் ஒரு ரூட்டர் சேனல் 6-இல், 40 அகலத்தில் இயங்குவதாக வைத்துக்கொள்வோம். அது 6-ஐ முதன்மைச் சேனலாக எடுத்து, மேற்பக்கம் 10-ஐத் துணைச் சேனலாகச் சேர்த்துக்கொள்கிறது. இரண்டும் சேர்ந்து 2427 முதல் 2467 மெகாஹெர்ட்ஸ் வரை நிரப்புகின்றன. எதிர்வீட்டு ரூட்டர் சேனல் 11-இல் இருக்கிறது. அதன் இடம் 2452 முதல் 2472 வரை. அதாவது அதன் இருபதில் பதினைந்து மெகாஹெர்ட்ஸை மூன்றாம் மாடிக்காரர் மிதித்துவிட்டார். துணைச் சேனல் கீழ்ப்பக்கம் அமைந்தால் இதே அளவு சேனல் 1-க்குப் போகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் மூன்று சேனலில் இரண்டு அடிபடும்.

இதைவிட மோசமானது காது கேளாமை. முதன்மைச் சேனலில் பிறர் பேசுவதை ரூட்டர் மைனஸ் 82 டிபிஎம் வரை, அதாவது மிக மெல்லிய சமிக்ஞையாக இருந்தாலும் கேட்டு ஒதுங்க வேண்டும் என்கிறது தரம். துணைச் சேனலுக்கு அதே 802.11n வைத்திருக்கும் எல்லையோ மைனஸ் 62. இருபது டெசிபல் வேறுபாடு என்றால் நூறு மடங்கு. சுவர்களைத் தாண்டி வரும் எதிர்வீட்டு சமிக்ஞை பெரும்பாலும் மைனஸ் 70, 75 என்ற அளவில்தான் வந்து சேரும். அது மைனஸ் 62-க்குக் கீழே என்பதால், மூன்றாம் மாடி ரூட்டர் துணைச் சேனல் காலியாக இருப்பதாகவே எண்ணிப் பேசத் தொடங்கும். எதிர்வீட்டு ரூட்டருக்கும் இதே கதி. சேனல்கள் ஒன்றோடொன்று பொருந்தாததால் வந்தது பேச்சு என்றே அதற்குப் புரியாது. வெறும் இரைச்சலாகத் தெரியும். இரண்டும் ஒரே நேரத்தில் அனுப்பும். இரண்டு வீட்டிலும் தகவல் சிதையும், மறுபடி அனுப்ப வேண்டிவரும். திரும்பத் திரும்பச் சிதைந்தால் ரூட்டர் வேகத்தைக் குறைத்து அனுப்பும். மெதுவாக அனுப்பினால் காற்றை அதிக நேரம் பிடித்துக்கொள்ளும், அதனால் மோதல் இன்னும் கூடும்.

ஆகவே 40 வைத்தவருக்கும் லாபம் இல்லை. அதே மின்திறன் இரு மடங்கு அகலத்தில் பரவுவதால் அலையின் செறிவு பாதியாகும், எட்டும் தூரமும் குறையும். கூடத்தில் ரூட்டருக்குப் பக்கத்தில் அளந்தால் வேகம் கூடியதுபோல் தெரியும். கடைசி அறையில்தான் உண்மை தெரியும். புளூடூத் ஹெட்செட்டும் இதே அலைவரிசையில், 79 சிறு சேனல்களுக்கிடையே தாவித் தாவித்தான் இயங்குகிறது. அதில் பாதியை ஒரே ரூட்டர் அடைத்துக்கொண்டால் அதற்கும் ஒதுங்க இடம் குறையும்.

தரத்தை வகுத்தவர்கள் இந்த ஆபத்தை அறியாதவர்கள் அல்லர். 40 அகலத்தில் இயங்கும் முன் ரூட்டர் சுற்றுப்புறத்தைத் துழாவிப் பார்த்து, மோதக்கூடிய வேறு வைஃபை இருந்தால் 20-க்கு இறங்கிவிட வேண்டும் என்று விதி வைத்தார்கள். அமைப்புகளில் காணும் ‘Auto’ அல்லது ‘20/40MHz’ தேர்வு இதைத்தான் செய்ய வேண்டும். அப்படிப் பார்த்தால் நெருக்கமான குடியிருப்பில் 40 ஒருபோதும் நிலைக்கக் கூடாது. நிலைக்கிறது என்றால் அந்த ரூட்டர் விதியை மதிக்கவில்லை, அல்லது ‘20/40 Coexistence’ என்ற தேர்வை யாரோ அணைத்திருக்கிறார்கள். ஆட்டோவை நம்பி விட்டுவிடாமல் கையால் 20 வைப்பதே சரி.

சிக்கல் இதுதானா என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. தொல்லை தரும் அறையிலேயே, தொல்லை வரும் நேரத்தில், விண்டோஸ் மடிக்கணினியை 2.4 வைஃபையில் இணைத்து ரூட்டரையே கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். பல வீடுகளில் ரூட்டரின் முகவரி இதுவாக இருக்கும். வேறாக இருந்தால் அதைப் போட வேண்டும்:

```
ping -t 192.168.1.1
```

பதில் சில மில்லிசெகண்டுகளில் வந்துகொண்டே இருந்தால் வீட்டு வைஃபை நலம். குறையை வெளியே தேடலாம். திடீர் திடீரென 100, 200 என்று தாவினாலோ, ‘Request timed out’ என்று வந்தாலோ, தகவல் வீட்டைவிட்டு வெளியேறும் முன்பே தடுமாறுகிறது என்று பொருள். அடுத்து, ஆண்ட்ராய்டு ஃபோனில் வைஃபை அனலைசர் வகைச் செயலி ஒன்றைத் திறந்தால் ஒவ்வொரு வீட்டு வைஃபையும் ஒரு வளைவாகத் தெரியும். மற்றவற்றைவிட இரு மடங்கு அகன்று படுத்திருக்கும் வளைவுதான் 40. அது சொந்த ரூட்டராகவே இருக்கலாம்.

திருத்துவதற்கு இரண்டு நிமிடம் போதும். ரூட்டரின் பக்கத்தில் நுழைந்து, 2.4 பிரிவில் ‘Channel Width’ அல்லது ‘Bandwidth’ என்ற இடத்தில் ‘20MHz’ தேர்ந்தெடுக்க வேண்டும். சேனலை 1, 6, 11 ஆகியவற்றுள் நெரிசல் குறைந்த ஒன்றில் நிறுத்த வேண்டும். 3, 8 என்று இடையில் நிறுத்தினால் இரண்டு பக்கத்தோடும் மோதல்தான். அதிக வேகம் கேட்கும் தொலைக்காட்சியையும் மடிக்கணினியையும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிடலாம். அங்கே இடம் தாராளம். 40, 80 எல்லாம் அங்கே தாங்கும். 2018-இல் மத்திய அரசு அங்கே மேலும் பெரும் பகுதியை உரிமமின்றித் திறந்தும் விட்டது.

பக்கத்து வீட்டு ரூட்டர் 40-இல் நின்றால் சொந்த ரூட்டரை மாற்றுவது பாதித் தீர்வுதான். குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் இந்த அமைப்பைக் காட்டும் படம் ஒன்றைப் போட்டு, எல்லா வீட்டிலும் 20 வைக்கச் சொல்லலாம். இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை; மாற்றியவரின் கடைசி அறைக்கும் வைஃபை எட்டும் என்பதால் இணங்கவும் தயங்க மாட்டார்கள். மாற்றிய பிறகு அதே அறையில், அதே நேரத்தில் அந்தப் பிங் சோதனையை மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். இன்னும் தாவினால் அது 40-ஆல் வந்த தொல்லை அல்ல. வீடுகளின் எண்ணிக்கையால் வந்த நெரிசல். அப்போது அந்த அறைக்கு ஒரு லேன் கேபிள் இழுப்பதைப் பற்றி யோசிக்கலாம்.