அக்கரையில் முதலாளி, இக்கரையில் கல்லா

வளைகுடாவில் வேலை பார்க்கும் ஒருவர் ஊரில் மளிகைக் கடை வைத்து, அதை மச்சானிடமோ தம்பியிடமோ ஒப்படைப்பது புதுக்கோட்டை, இராமநாதபுரம், தஞ்சை மாவட்டச் சிற்றூர்களில் பழகிப்போன ஏற்பாடு. முதல் போடுபவர் ஒருவர், கல்லாவில் உட்காருபவர் இன்னொருவர். இத்தகைய கடைகளில் பணம் குறையும்போது பெரும்பாலும் காரணம் திருட்டாக இருப்பதில்லை. எது கடைப் பணம், எது வீட்டுப் பணம், எது சம்பளம் என்று யாரும் பிரித்து வைக்காததே காரணம். பிரித்து வைக்காத கணக்கில் நேர்மையான உறவினரும் தன் நேர்மையைக் காட்ட முடியாது. ஆகவே மேற்பார்வை முதலாளிக்கு மட்டும் வேண்டிய பாதுகாப்பு அன்று, கடையை நடத்துபவருக்கும் அதே அளவுக்கு வேண்டியது.

முதலில் தீர்க்க வேண்டியது கடை யார் பெயரில் இருக்கிறது என்பது. வசதிக்காக எல்லாவற்றையும் உறவினர் பெயரிலேயே வாங்கிவிடுகிறார்கள்: வாடகை ஒப்பந்தம், ஜி.எஸ்.டி. பதிவு, உணவுப் பாதுகாப்புப் பதிவு, வங்கிக் கணக்கு. அப்படிச் செய்தால் சட்டத்தின் பார்வையில் அது உறவினரின் கடை. பணம் போட்டவருக்கு மிஞ்சுவது வாய்மொழிப் பாத்தியதை மட்டுமே, பினாமிச் சட்டச் சிக்கலும் எழலாம். வெளிநாடுவாழ் இந்தியர் தன் பெயரிலேயே சில்லறைக் கடை நடத்த அன்னியச் செலாவணி விதிகள் இடம் தருகின்றன. போட்ட முதலை வெளிநாட்டுக்குத் திருப்பி எடுத்துச் செல்லும் உரிமை கோராமல் முதலீடு செய்ய வேண்டும், விவசாயம், நிலத்தொழில், அச்சு ஊடகம் ஆகியவற்றில் ஈடுபடக் கூடாது என்பவை அதற்கான நிபந்தனைகள். வருமானம் விழ வேண்டிய இடம் என்.ஆர்.ஓ. கணக்கு, அதை நடப்புக் கணக்காகவும் திறக்கலாம். வருமான வரியில் ஒரு வேறுபாட்டை நினைவில் வைக்க வேண்டும். விற்பனையின் 6 அல்லது 8 சதவீதத்தை லாபமாகக் காட்டிக் கணக்கேடு இல்லாமல் வரி கட்டும் எளிய முறை உள்நாட்டில் வசிப்பவர்களுக்கே உண்டு. வெளிநாடுவாழ் இந்தியர் தன் பெயரில் நடத்தும் கடைக்கு அந்தச் சலுகை கிடையாது, முறையான கணக்கு வைத்தே ஆக வேண்டும்.

உறவினர் கையெழுத்திட அதிகாரப் பத்திரம் தேவைப்படும். அதை எல்லாவற்றுக்குமான பொது அதிகாரமாக எழுதாமல், வாடகை செலுத்துதல், சரக்கு வாங்குதல், உரிமங்களைப் புதுப்பித்தல், கணக்கில் பணம் செலுத்துதல் என்று பெயர் சொல்லி எழுத வேண்டும். கடன் வாங்கவோ கடையை விற்கவோ மாற்றிக் கொடுக்கவோ அதிகாரம் இல்லை என்பதையும் அதில் சேர்க்க வேண்டும். வெளிநாட்டில் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை செலுத்தியாக வேண்டும்.

அடுத்தது உறவினரின் சம்பளம். "நம்ம கடைதானே மச்சான், வேணுங்கிறத எடுத்துக்கங்க" என்று சொல்வது பெருந்தன்மையாகத் தெரியும். பின்னாளில் வரும் சண்டை பெரும்பாலும் இந்த வார்த்தையிலிருந்தே பிறக்கிறது. எடுத்தவருக்கு அது உழைப்புக்கான கூலி, கொடுத்தவருக்கு அது கணக்கில் வராத செலவு. அந்த ஊரில் வேறொரு கடை மேலாளருக்கு என்ன கொடுப்பார்களோ அதை மாதச் சம்பளமாகவும், இருப்பு எண்ணி முடித்த பிறகு நிற்கும் லாபத்தில் ஒரு பங்கையும் பேசி எழுதிக்கொள்வது நல்லது. வீட்டுக்கு எடுக்கும் மளிகைக்குத் தனி நோட்டு வைத்து அடக்கவிலையில் எழுத வேண்டும். எவ்வளவு எடுப்பது என்பதைவிட, எடுத்தது எழுதப்படுகிறதா என்பதே முக்கியம்.

பணம் ஓடும் வழியைப் பிரிப்பது மூன்றாவது வேலை. கடைக்குள் வரும் ரொக்கம், கடையிலிருந்து வெளியேறும் ரொக்கம் இரண்டும் ஒரே கல்லாவில் கலந்தால் எதையும் சரிபார்க்க முடியாது. மண்டிக்கும் ஏஜென்சிகளுக்கும் உரிய தொகையை முதலாளியே தன் கணக்கிலிருந்து நேரடியாக அனுப்பலாம். கத்தார், ஓமன், சவுதி, ஐக்கிய அமீரகம், சிங்கப்பூர் உள்ளிட்ட சில நாடுகளின் கைபேசி எண்ணைக் கொண்டே என்.ஆர்.ஓ. கணக்கில் யு.பி.ஐ. இயக்க 2023 முதல் வழி இருக்கிறது. வசூலான ரொக்கம் மறுநாள் காலை அப்படியே வங்கிக்குப் போக வேண்டும். சுமைக் கூலி, மின்கட்டணம் போன்ற சில்லறைச் செலவுக்கு ஒரு சிறு தொகையை ஒதுக்கி, ஒவ்வொன்றுக்கும் சிட்டை வைத்தால் போதும். கல்லா மேசையில் ஒட்டிய கியூ.ஆர். அட்டை முதலாளியின் கணக்கைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். அதன் பக்கத்தில் இன்னோர் அட்டை முளைத்திருக்கிறதா என்பதை, ஊரில் இருக்கும் நண்பர் ஒருவர் பத்து ரூபாய்க்குப் பிஸ்கட் வாங்கி ஸ்கேன் செய்தாலே அறிந்துவிடலாம்.

இவ்வளவும் செய்தாலும், விற்றதே எழுதப்படாவிட்டால் வங்கிக் கணக்கு அதைக் காட்டாது. அதைக் காட்டக்கூடியது இருப்பு எண்ணிக்கை மட்டுமே. தொலைவிலிருந்து கடை நடத்துபவருக்கு இதைவிட நம்பகமான கருவி இல்லை, கண்காணிப்புக் கேமராவும் இதற்கு ஈடாகாது. மாதம் ஒருமுறை, கடை திறக்கும் முன், அலமாரியிலும் கிடங்கிலும் உள்ள சரக்கை எண்ணி, எடை போட்டு, அடக்கவிலையில் பெருக்கிக் கூட்ட வேண்டும். சிறு மளிகைக் கடைக்கு இரண்டு பேர் அரைநாள் உட்கார்ந்தால் முடியும். அவர்களில் ஒருவராவது கல்லாவில் உட்காராதவராக இருக்க வேண்டும். கணக்குப் பாடம் படித்த உறவுக்காரப் பெண்ணோ, ஓய்வு பெற்ற ஆசிரியரோ, கூலிக்கு வரும் கணக்கரோ யாரானாலும் சரி.

ஓர் எடுத்துக்காட்டு இதை விளக்கும். முதலாளி தோஹாவில் இருக்கிறார், கடையை மச்சான் நடத்துகிறார் என்று கொள்வோம். மாதத் தொடக்கத்தில் இருப்பு அடக்கவிலையில் 4,00,000 ரூபாய். அந்த மாதக் கொள்முதல் 3,60,000. மாதக் கடைசியில் எண்ணியபோது இருப்பு 3,85,000. ஆக, கடையிலிருந்து வெளியே போன சரக்கின் அடக்கம் 3,75,000 ரூபாய். இந்தக் கடையில் நூறு ரூபாய்ச் சரக்கு சராசரியாக 112 ரூபாய்க்கு விற்கிறது. எனவே வந்திருக்க வேண்டிய விற்பனை 4,20,000.

இனி, வந்ததைக் கூட்டுவோம். யு.பி.ஐ. வழியாக 1,90,000. வங்கியில் கட்டிய ரொக்கம் 1,72,000. சிட்டையோடு கல்லாவில் செலவானது 21,000. கடன் நோட்டில் புதிதாக ஏறிய நிலுவை, வசூல் போக, 14,000. மொத்தம் 3,97,000. விடுபட்டது 23,000 ரூபாய்.

இந்த இடத்தில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். வித்தியாசம் என்பது குற்றச்சாட்டு அன்று, கேட்க வேண்டிய கேள்வி. இந்தக் கடையில் கேட்டுப் பார்த்தபோது, வீட்டுக்கு எடுத்து எழுதாத மளிகை சுமார் 9,000 ரூபாய்க்கு இருந்தது. பூச்சி பிடித்த பருப்பும் தேதி முடிந்த பாக்கெட்டுகளுமாகத் தூக்கிப் போட்டது 4,000. அந்த மாதம் கல்யாண வீடுகளுக்கு அரிசி, சர்க்கரை, எண்ணெய் அதிகம் போனது. அவற்றில் லாபம் மிகக் குறைவு. எனவே 112 என்ற சராசரியே அந்த மாதத்துக்குப் பொருந்தாது, அதனால் ஏற்பட்ட வேறுபாடு சுமார் 6,000. மீதி 4,000 ரூபாய்க்குத்தான் விளக்கம் இல்லை. அது விற்பனையில் ஒரு சதவீதத்தைவிடச் சற்றுக் குறைவு. லூஸ் சரக்கில் எடை கூடுவதும், அவசரத்தில் கடன் எழுத மறப்பதும் எந்தக் கடையிலும் உண்டு. இந்த அளவு ஒரு மாதம் இருந்து மறுமாதம் குறைந்தால் கவலை இல்லை. மூன்று மாதம் தொடர்ந்து ஏறினால் அப்போது விசாரிக்க வேண்டும்.

சராசரி லாபத்தை ஊகித்து வைப்பதும் தவறான முடிவுக்குக் கொண்டுபோகும். அதிகம் விற்கும் முப்பது பொருட்களின் கொள்முதல் பில்லையும் விற்கும் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, எது எவ்வளவு போகிறதோ அந்த அளவுக்கு எடை கொடுத்துக் கணக்கிட வேண்டும். ஏஜென்சிகள் தரும் ஸ்கீம் சரக்கும் இதில் அடங்கும். பன்னிரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்று வரும் பாக்கெட் பில்லில் விலையில்லாமல் நிற்கும். அது அலமாரிக்கு வந்ததா என்பதை யாரும் கேட்பதில்லை.

எண்ணிக்கைக்கு இடைப்பட்ட நாட்களில் கவனிக்க வேண்டியவை அதிகம் இல்லை. கத்தாருக்கும் இந்தியாவுக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். ஊரில் ஒன்பதரைக்குக் கடை சாத்தும்போது தோஹாவில் ஏழு மணி. அப்போது அன்றைய ரொக்கம், யு.பி.ஐ. தொகை, புதுக் கடன் என்ற மூன்று எண்களும் கடன் நோட்டுப் பக்கத்தின் படமும் வந்து சேர்ந்தால் போதும். மாதம் ஒருமுறை மண்டிக்காரரிடம் முதலாளியே நேரடியாகப் பேசி நிலுவை எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். இருப்பு குறைந்துகொண்டே வரும்போது மண்டி நிலுவை ஏறுமானால், கடை தன் முதலைத் தின்கிறது என்று பொருள். வேறு எந்த அறிகுறியையும்விட இதுவே ஆபத்தானது. ரொக்கம் கட்டும் நாட்கள் தள்ளிப்போவது, கட்டும் தொகை எப்போதும் முழு ஆயிரங்களாக இருப்பது, இருப்பு எண்ணும் தேதிக்கு மட்டும் ஏதாவது வேலை வந்துவிடுவது ஆகியவையும் கவனிக்கத் தக்கவை.

எண்ணிக்கையைச் சந்தேகம் வந்த பிறகு தொடங்கினால் அது அவமதிப்பாகவே படும். ஒப்படைக்கும் முதல் நாளே எண்ணி, தாளில் இருவரும் கையெழுத்திட்டு, மாதந்தோறும் அதே தேதி என்று வைத்தால் அது கடையின் வழக்கமாகிவிடும். உறவினர் விலக நேர்ந்தாலும் அதே போல எண்ணி, கடன் நோட்டையும் மண்டி நிலுவையையும் சேர்த்து எழுதிக் கையெழுத்தோடு விடைபெற முடியும்.

எண்ணாமலேயே ஒப்படைத்துவிட்டு வெளிநாட்டில் இருப்பவர்கள், அடுத்த விடுமுறையில் ஊர் வந்ததும் முதல் இரண்டு நாளை இந்த எண்ணிக்கைக்கு ஒதுக்குங்கள். பழைய வித்தியாசத்தைக் கிளறாமல், அன்று எண்ணிய தொகையையே புதிய தொடக்கமாக வைத்து, கடை நடத்துபவரையும் பக்கத்தில் உட்காரவைத்து எழுதுங்கள்.