தூங்கவிடாத ஒரு நிமிடம்

இணையத்தில் ஒரு சின்னக் கடை. நாளொன்றுக்கு நாற்பது ஆர்டர் வருகிறது. வாங்கியவருக்கு ரசீது மின்னஞ்சலில் போக வேண்டும். இதற்குப் பலரும் முதலில் எழுதுவது ஒரு குட்டி நிரல்: நிமிடத்துக்கொரு முறை எழுந்து, தரவுத்தளத்தை எட்டிப் பார்த்து, ரசீது போகாத ஆர்டர் இருந்தால் அனுப்பிவிட்டு முடிந்துபோகும். அமேசானின் லாம்ப்டாவில் இதற்கான நேரக்கட்டளை ஒரே வரி:

```
rate(1 minute)
```

லாம்ப்டா ‘சர்வர்லெஸ்’ ரகம். சர்வர் இல்லாமல் இல்லை, அதைப் பராமரிக்கும் வேலை அமேசானுடையது. நிரல் ஓடுகிற நேரத்துக்கு மட்டும், மில்லிசெகண்டு கணக்கில் நமக்கு பில் வரும்.

நிமிடத்துக்கு ஒன்று என்றால் நாளுக்கு 1,440 முறை, முப்பது நாள் மாதத்தில் 43,200 முறை. நாற்பது ஆர்டர்தான் வருகிறது என்பதால், தினமும் 1,400 தடவையாவது வெறுங்கையோடு திரும்பும். வீண்செலவு என்று பதறத் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படியில்லை. அமெரிக்காவின் வர்ஜீனியா மையத்து விலைப்படி பத்து லட்சம் அழைப்புக்கு 20 சென்ட். நமது 43,200-க்கு ஒரு சென்ட்கூட ஆகாது. 128 எம்பி நினைவகத்தில் ஒவ்வொரு முறையும் 0.2 நொடி ஓடினால், ஓடிய நேரத்துக்கு இரண்டு சென்டுக்கும் குறைவு. மாதம் முழுக்க மூன்று சென்ட் தேறாது. அதுவும் மாதாந்திர இலவச ஒதுக்கீட்டுக்குள் அடங்கிவிடும்.

பணம் போவது வேறு வழியில். தட்டுகிறவனுக்குக் கூலி சொற்பம்தான். கதவைத் திறக்க எழுந்து வருகிறவருக்குத்தான் காசு.

இந்தக் கடையின் தரவுத்தளம் அரோரா சர்வர்லெஸ் என்று வைத்துக்கொள்வோம். யாரும் தொடாவிட்டால் தானாகவே தூங்கிப்போகும் வசதி 2024 நவம்பரில் அதற்கு வந்தது. தூங்கும்போது கணிப்புத் திறனுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் தூங்குவதற்கு முன் குறைந்தது ஐந்து நிமிடம் அமைதி வேண்டும். நிமிடத்துக்கொரு தட்டு விழுந்தால் அந்த அமைதி கிடைக்கவே கிடைக்காது. குறைந்தபட்சமாக அரை அலகில் விழித்திருந்தாலும் மணிக்கு 6 சென்ட், மாதத்துக்கு சுமார் 43 டாலர். மூன்று சென்ட் நிரல் 43 டாலரை இழுத்து வருகிறது.

சரி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்ப்போமே என்று தோன்றும். வாடிக்கையாளரின் காத்திருப்பு சராசரி அரை நிமிடத்திலிருந்து இரண்டரை நிமிடமாக ஏறும், தரவுத்தள பில்லோ ஏறக்குறைய அப்படியே நிற்கும். பத்து நிமிடமாக்கினால் பாதி நேரம் தூங்கும். மணிக்கொரு முறை என்றால், ஒவ்வொரு தட்டுக்கும் ஐந்து நிமிட விழிப்பு என்று வைத்து, அந்தத் தட்டுகளால் ஆகும் செலவு மாதம் நாலு டாலருக்குள் இறங்கிவிடும். ஆனால் ரசீதுக்கு ஒரு மணி நேரம் காத்திருக்க யாருக்குப் பொறுமை?

அதனால் நான் சொல்வது இது: ஆர்டரைப் பதிகிற நிரலே, பதிந்த கையோடு எஸ்க்யூஎஸ் வரிசையில் ஒரு சீட்டைப் போட்டுவிடட்டும். தரவுத்தளம் அந்த நேரத்தில் எப்படியும் விழித்துத்தான் இருக்கும். வரிசையில் சீட்டு விழுந்ததும் ரசீது நிரல் எழும். இங்கேயும் யாரோ ஒருவர் வரிசையை விடாமல் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார், ஆனால் அது லாம்ப்டாவின் சொந்த வேலை. காலி வரிசைக்கு நம் நிரல் எழுப்பப்படாது, தரவுத்தளமும் தட்டப்படாது. வரிசையை எட்டிப் பார்ப்பதற்கும் எண்ணிக்கைக் கட்டணம் உண்டு, மாதம் முதல் பத்து லட்சம் இலவசம். சீட்டுப் போடத் தவறிய ஆர்டர் ஏதாவது இருந்தால் பொறுக்கியெடுக்க, பழைய நிரலை மணிக்கொரு முறை ஓடவிடலாம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. வேகத்துக்காகத் தரவுத்தள இணைப்பைத் திறந்தே வைத்திருப்பது லாம்ப்டாவில் வழக்கம். நிரல் முடிந்தாலும் இணைப்பு அறுவதில்லை. இணைப்பு இருக்கும்வரை அரோரா தூங்காது. மணிக்கொரு முறை ஓடுகிற நிரல் கடைசியில் இணைப்பை மூடாமல் போனால், மிச்சம் பிடித்ததெல்லாம் போச்சு. தூங்கி எழ சுமார் 15 நொடி ஆகும் என்பதையும் மறக்காதீர்கள். நிரலின் காலக்கெடு பத்து நொடி என்றிருந்தால், நாளின் முதல் ஆர்டர் தோற்றுப்போகும்.

உங்கள் கணக்கிலும் இப்படி ஒன்று ஓடுகிறதா என்று பார்க்க, கிளவுட்வாட்ச்சில் `ServerlessDatabaseCapacity` என்ற வரைபடத்தைத் திறந்து, கடை உறங்கும் நள்ளிரவு 2 மணிக்கும் 4 மணிக்கும் இடையில் கோடு எங்கே ஓடுகிறதென்று பாருங்கள். பூஜ்யத்தைத் தொடவே இல்லையென்றால் யாரோ தட்டிக்கொண்டிருக்கிறார்கள்.