11 மணிக்கு மூன்று பேர்

பெரிய நிறுவனத் தலைவர் ஒருவருக்கு எக்ஸிகியூட்டிவ் அசிஸ்டென்ட் தேவைப்படும்போது, இன்டர்வியூவில் பெரும்பாலும் ஒரு கணக்கைக் கொடுப்பார்கள். எண்களே இல்லாத கணக்கு அது. ஒரே நேரத்தில் பலர் ஒருவரைப் பார்க்க வேண்டும்; என்ன செய்வீர்கள்? நேரம் ஒதுக்கத் தெரிகிறதா என்று மட்டும் பார்க்கும் கேள்வி போலத் தோன்றும். எது முக்கியம் என்று பிரித்தறியத் தெரிகிறதா, வாயைக் காக்கத் தெரிகிறதா என்பதையும் சேர்த்தே அது அளக்கிறது.

உதாரணத்துக்கு ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். சென்னையில் இருக்கும் ஒரு வாகன உதிரிபாக நிறுவனம். அதன் பங்குகள் சந்தையில் விற்பனையாகின்றன. நவம்பர் முதல் வாரம், செவ்வாய்க்கிழமை. வியாழக்கிழமை போர்டு மீட்டிங். காலாண்டு கணக்குக்கு அன்று ஒப்புதல் தர வேண்டும். எம்.டி.க்கு 10.30 முதல் 11.30 வரை ஆடிட்டர்களுடன் பேச்சு. 11.30க்குச் சம்பள ஒப்பந்தம் பற்றித் தொழிற்சங்க நிர்வாகிகளுடன் சந்திப்பு. காலை 9.15க்கு சேர்மன் அலுவலகத்திலிருந்து போன் வருகிறது: “11 மணிக்கு சார் மேலே வரணும்.” எம்.டி. அப்போது வேறொரு மீட்டிங்கில் இருக்கிறார்.

இதற்கு இரண்டு பதில்கள் அடிக்கடி வரும். “சேர்மன்தான் பெரியவர், அதனால் மற்ற இரண்டையும் தள்ளிவைப்பேன்” என்பது ஒன்று. “சாரிடமே கேட்பேன்” என்பது இன்னொன்று. முதல் பதில் பதவியை மட்டும் பார்க்கிறது. ஆடிட்டர்களைத் தள்ளினால் வியாழக்கிழமைக் கணக்கு தடுமாறும். அந்த போர்டு மீட்டிங்குக்குக் குறைந்தது 7 நாள் முன்பே நோட்டீஸ் போயிருக்கும்; காலாண்டு முடிந்து 45 நாளுக்குள் கணக்கை வெளியிட்டாகவும் வேண்டும். தொழிற்சங்கத்தைக் கடைசி நேரத்தில் தள்ளினால், அவர்கள் அதை அவமதிப்பாகவே எடுத்துக்கொள்வார்கள். இரண்டாவது பதில் சிக்கலை அப்படியே எம்.டி.யின் மேஜையில் இறக்கி வைத்துவிடுகிறது. அந்தச் சுமையைக் குறைக்கத்தானே ஆள் தேடுகிறார்?

நல்ல பதில் கேள்விகளோடு தொடங்கும். சேர்மனின் செயலாளரிடம் மூன்று விஷயம் கேட்க வேண்டும்: எவ்வளவு நேரம் வேண்டும், நேரில்தான் வர வேண்டுமா, எதற்குள் முடிய வேண்டும். விஷயம் என்ன என்று கேட்கக் கூடாது. அவர்களே சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். அரை மணி நேரம், நேரில், மதியம் சேர்மன் வெளிநாடு கிளம்புகிறார் என்று தெரியவருகிறது. ஆக, இது நகராது.

அடுத்த போன் நிதிப் பொறுப்பாளருக்கு. “ஆடிட்டர் மீட்டிங்கில் எம்.டி. எந்தப் பகுதிக்குக் கட்டாயம் வேண்டும் சார்?” ஒரு மணி நேரச் சந்திப்பு என்றாலும் எம்.டி. முடிவு சொல்ல வேண்டிய விஷயம் இரண்டே இரண்டுதான் இருக்கும். அவற்றை முதலில் எடுத்துக்கொண்டால் 10.55க்கு அவர் எழுந்துவிடலாம். மீதியை நிதிப் பொறுப்பாளர் நடத்துவார். சேர்மன் அறையில் பேச்சு சற்று நீளக்கூடும். அதனால் மனிதவளத் தலைவர் வழியாகத் தொழிற்சங்கத்துக்கு 10 மணிக்கே தகவல் போக வேண்டும்: 11.30 அல்ல, 11.45. முன்கூட்டியே சொல்லிவிட்டால் கால்மணி நேர மாற்றம் யாரையும் உறுத்தாது. வரவழைத்துவிட்டு வெளியே காக்க வைத்தால்தான் மனக்கசப்பு.

இப்போதுதான் எம்.டி.க்குச் செய்தி போகிறது: “சார், சேர்மன் 11க்கு நேரில் கேட்கிறார், அரை மணி, மதியம் வெளிநாடு கிளம்புகிறார். ஆடிட்டரிடம் உங்கள் பகுதியை 10.55க்குள் முடிக்க ஏற்பாடு செய்திருக்கிறேன். தொழிற்சங்கம் 11.45. சரியா?” ஒரே சொல்லில் பதில் வந்துவிடும். முடிவு அவருடையது, அந்த முடிவை எடுக்க அவர் யோசிக்க வேண்டிய நேரத்தை உதவியாளர் மிச்சப்படுத்தியிருக்கிறார். அவர் சரி என்ற பிறகே தொழிற்சங்கத்துக்குத் தகவல் போகும், காலண்டரும் மாறும்.

கணக்கு இதோடு முடியவில்லை. அன்று மாலை டெட்ராய்ட் வாடிக்கையாளருடன் வாராந்திரப் பேச்சு. அவர்களுக்குக் காலை 9 மணி. அக்டோபர் வரை நமக்கு மாலை 6.30. நவம்பர் முதல் ஞாயிறன்று அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். அன்றிலிருந்து அதே பேச்சு நமக்கு 7.30. எம்.டி.யோ இரவு விமானத்துக்காக 7 மணிக்குக் காரில் ஏற வேண்டும். யாரும் எதையும் மாற்றவில்லை, யாரும் தவறு செய்யவில்லை, ஆனாலும் மோதல் வந்துவிட்டது. அனுபவம் உள்ளவர் இதை இரண்டு வாரம் முன்பே கவனித்து, அந்த ஒரு நாள் மட்டும் டெட்ராய்ட்டில் 8 மணிக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருப்பார். மார்ச் இரண்டாம் ஞாயிறன்று இதே மாற்றம் எதிர்த்திசையில் நடக்கும். இன்டர்வியூவில் தேதியையும் ஊரையும் கேட்ட உடனே இதைச் சுட்டிக்காட்டுபவர் தனித்துத் தெரிவார்.

இனி, ரகசியம். ஆடிட்டரிடமிருந்து நேரத்தை மாற்றும்போது காரணம் கேட்டால் என்ன சொல்வது? “சாருக்கு அந்த நேரத்தில் வேறொரு சந்திப்பு இருக்கிறது” என்றால் போதும். அது உண்மையும்கூட. சேர்மன் பெயரைச் சொல்லத் தேவையில்லை. பொய்யாக ஒரு காய்ச்சலையும் கற்பிக்க வேண்டியதில்லை. காலண்டரே ரகசியம்தான். போர்டு மீட்டிங் நெருங்கும் வாரத்தில் ஒரு வங்கி, ஒரு வழக்கறிஞர் அலுவலகம், ஒரு மதிப்பீட்டாளர் என்று வரிசையாகப் பெயர்கள் தெரிந்தால், ஏதோ ஒன்றை வாங்கவோ விற்கவோ போகிறார்கள் என்று பார்ப்பவர் ஊகித்துவிடுவார். அதனால் அவுட்லுக்கில் அத்தகைய சந்திப்புகளை Private என்று குறிப்பார்கள். அதை மட்டும் நம்பிவிடாமல், தலைப்பிலும் விஷயத்தை எழுதமாட்டார்கள்.

இதில் சட்டமும் இருக்கிறது. வெளியாகாத காலாண்டு கணக்கு, பங்கு விலையைப் பாதிக்கக்கூடிய தகவல். செபியின் 2015ஆம் ஆண்டு விதிகளின்படி, அந்தத் தகவல் யார் யாருக்குப் போனது என்று நிறுவனம் மின்னணுப் பதிவேடு வைத்திருக்க வேண்டும். தகவல் எட்டும் இடத்தில் இருக்கும் செயலகப் பணியாளர்களும் கட்டுப்பாட்டுக்குள் வருவார்கள். காலாண்டு முடிந்ததிலிருந்து கணக்கு வெளியாகி 48 மணி நேரம் வரை அவர்களும் நெருங்கிய குடும்பத்தினரும் அந்த நிறுவனப் பங்கை வாங்கவோ விற்கவோ கூடாது. “உங்கள் கணவர் நம் கம்பெனி பங்கை விற்கலாமா என்று கேட்டால்?” என்று இன்டர்வியூவில் கேட்பதற்குக் காரணம் இதுதான். “இப்போது நமக்கு அனுமதி இல்லை” என்பதே பதில். ஒவ்வொரு காலாண்டும் வரும் தடை என்பதால், அந்தப் பதிலிலிருந்து லாபமா நஷ்டமா என்று எதுவும் கசியாது.

ரகசியத்தைச் சோதிக்கும் இன்னொரு கேள்வி சாதாரணப் பேச்சு போல வரும். “முந்தைய இடத்தில் உங்கள் பாஸுக்கு யாரோடு அதிகம் சிக்கல் இருந்தது?” திறமையைக் காட்டும் ஆர்வத்தில் பெயரும் சம்பவமுமாக விவரிப்பவர் அங்கேயே தோற்றுவிடுகிறார், நாளை இந்த அறையின் பேச்சும் இன்னொரு அறைக்குப் போகும் என்று எதிரே இருப்பவர் புரிந்துகொள்வார். “பெயர்களை விட்டுவிடுகிறேன் சார், ஒரு மோதலை எப்படிச் சமாளித்தேன் என்று சொல்கிறேன்” என்பவரை நம்பலாம்.

இத்தனைக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு தலைவருக்கு எது நகரும், எது நகராது என்பதை வெளியாள் முழுதாக ஊகிக்க முடியாது. ஒருவருக்கு ஆலைச் சுற்று முக்கியம். இன்னொருவருக்கு மாலையில் மகளின் பள்ளி நிகழ்ச்சி. எனவே இன்டர்வியூ முடிவில் “ஏதாவது கேட்க வேண்டுமா?” என்றதும், விண்ணப்பதாரர் கேட்க வேண்டியது இதுதான்: “சார், நான் உங்களைக் கேட்காமலே மாற்றலாம் என்பவை எவை, கேட்டுத்தான் மாற்ற வேண்டும் என்பவை எவை, எந்த நிலையிலும் தொடக் கூடாது என்பவை எவை?” அந்த மூன்று பட்டியல்களும் கையில் இல்லாமல் யாராலும் இந்த வேலையைச் சரியாகச் செய்ய முடியாது.